நீண்ட ஒலிப்பதிவில் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி ஒரு பெரியவரிடம் எடுத்த நேர்காணல் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதிவின் நீளம் 2 மணி 40 நிமிடம். மேல்மடையை முதலில் திறப்பதா, கீழ்மடையை முதலில் திறப்பதா என்பதை அவர் எங்கேயோ விளக்கியிருக்கிறார். அந்த இடம் உங்களுக்கு வேண்டும்.

ஒலிப்பானைத் திறந்தால் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு நீளமான பட்டை மட்டுமே. அந்தப் பட்டை திரையில் 800 புள்ளி அகலம் இருந்தால், 9,600 விநாடிகளை அதற்குள் அடைக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு 12 விநாடி. சுட்டியை மயிரிழை நகர்த்தினாலும் ஒரு முழு வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அச்சிட்ட பக்கத்தில் கண்ணை ஓட்டித் தேடுவதுபோல ஒலியில் காதை ஓட்ட முடியாது. ஒலி தன் வேகத்தில்தான் வரும்.

ஆகவே தேடலை ஒலியில் நடத்தாமல் எழுத்தில் நடத்துகிறோம். பேச்சு முழுவதையும் நேரக் குறிப்போடு எழுத்தாக்கி, எழுத்தில் சொல்லைத் தேடி, கிடைத்த நேரத்தை வைத்துக்கொண்டு மீண்டும் ஒலிக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்று படிகளில் தமிழுக்கு மிகவும் கடினமானது நடுவில் உள்ளதுதான். ஆகவே இக்கட்டுரையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

நேரத்தோடு கூடிய எழுத்து

யூடியூப் காணொளியாக இருந்து, அதற்கு வசன வரிகளும் இருந்தால் முதல் படி ஏற்கெனவே முடிந்துவிட்டது. காணொளியின் விளக்கப் பகுதியில் எழுத்துவடிவத்தைக் காட்டச் சொல்லும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நேரமும் வரியுமாகப் பட்டியல் விரியும்.

கையில் இருப்பது வெறும் ஒலிக்கோப்பு என்றால் எழுத்தாக்கத்தை நாமே செய்ய வேண்டும். கையால் எழுதுவதற்கு நேரமில்லாதவர்கள் இன்று பெரும்பாலும் விஸ்பர் என்ற பேச்சறி நிரலைப் பயன்படுத்துகிறார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது அது. சொந்தக் கணினியிலேயே ஓடும் என்பதால், நேர்காணல் கொடுத்தவரின் குரலை வேறெங்கும் அனுப்ப வேண்டியதில்லை. கட்டளை இவ்வளவுதான்:

```
whisper nerkanal.mp3 --language ta --model large-v3 --output_format srt
```

இதில் `--language ta` என்பதை விட்டுவிடாதீர்கள். மொழியைச் சொல்லாவிட்டால், நிரல் முதல் 30 விநாடியைக் கேட்டுத் தானாகவே ஒரு மொழியை ஊகிக்கும். பதிவின் தொடக்கத்தில் மைக்கைத் தட்டும் சத்தமோ, பதிவு எண்ணை ஆங்கிலத்தில் சொல்லும் குரலோ இருந்தால் ஊகம் பிசகி, கோப்பு முழுவதும் பாழாகும். `large-v3` என்பது நிரலின் பெரிய வடிவங்களுள் ஒன்று. `tiny`, `base` போன்ற சிறிய வடிவங்கள் வேகமாக ஓடினாலும் தமிழில் அவை தரும் எழுத்து தேடலுக்குத் தேறாது. பெரிய வடிவமோ, நல்ல வரைகலை அட்டை இல்லாத கணினியில் பதிவின் நீளத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பதே நடைமுறை. கட்டளை எழுதப் பழக்கமில்லாதவர்களுக்குச் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்குள்ளிருந்தே விஸ்பரை இயக்கலாம்.

வேலை முடிந்ததும் ஒரு வசனக் கோப்பு கிடைக்கும். அதன் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

```
412
00:47:12,400 --> 00:47:17,080
கம்மாயில தண்ணி நின்னா மேமடைய மொதல்ல தொறப்பாக
```

முதல் வரி வரிசை எண். இரண்டாவது, அந்தப் பேச்சு தொடங்கி முடியும் நேரம். காற்புள்ளிக்குப் பின் வருவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. மூன்றாவது, பேசியது. ஒலி தேடக்கூடிய பொருளாக மாறிவிட்டது.

நீங்கள் நினைக்கும் சொல்லும் அவர் சொன்ன சொல்லும்

இப்போது கோப்பில் "கண்மாய்" என்று தேடிப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் கண்மாயைப் பற்றியே பேசிய பதிவில் நாலைந்து இடம்தான் வரும். அவையும் பெரும்பாலும் பேட்டி எடுத்தவர் கேட்ட கேள்விகளாக இருக்கும். காரணம் மேலே உள்ள துண்டிலேயே தெரிகிறது. பெரியவர் "கம்மாய்" என்றே சொல்கிறார். நிரல் சில இடங்களில் காதில் விழுந்தபடி எழுதுகிறது, சில இடங்களில் எழுத்து வழக்குக்கு மாற்றிவிடுகிறது. ஒரே கோப்பில் இரண்டும் கலந்து கிடக்கும்.

எனவே தேட வேண்டியது ஒரு சொல்லையல்ல, அந்தச் சொல் எடுக்கக்கூடிய எல்லா வடிவங்களுக்கும் பொதுவான பகுதியை. கண்மாய், கம்மாய், கம்மா, கண்மாயில், கம்மாக்கரை ஆகிய எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பிடிக்க, `grep` என்ற தேடல் கட்டளையை இப்படி எழுதலாம்:

```
grep -E -B 1 'க(ண்|ம்)மா' nerkanal.srt
```

அடைப்புக்குள் நேர்க்கோட்டால் பிரித்தவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று பொருள். `-B 1` என்பது, கிடைத்த வரிக்கு முந்தைய வரியையும் காட்டச் சொல்கிறது. முந்தைய வரியில்தானே நேரம் இருக்கிறது.

இப்போது விளைச்சல் ஏராளமாக வரும். கூடவே களையும் வரும். பெரியவரின் அக்காள் பெயர் தங்கம்மாள் என்றால், அவரைப் பற்றிப் பேசிய இடமெல்லாம் வந்து நிற்கும். "தங்கம்மாள்" என்ற பெயருக்குள் "கம்மா" இருக்கிறது. சொல்லுக்கு முன்னால் இடைவெளி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் தங்கம்மாள் போய்விடுவார். ஆனால் "ஊர்க்கம்மாய்", "பெரியகம்மாய்" என்று நிரல் சேர்த்து எழுதிய இடங்களும் அவரோடு போய்விடும். தமிழில் சொற்கள் சேர்ந்து எழுதப்படுவதால் இந்த இழுபறி எப்போதும் இருக்கும். என் பரிந்துரை, களையைச் சகித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். வேண்டாத இருபது வரிகளைக் கண்ணால் தள்ளிவிட இரண்டு நிமிடம் போதும். விடுபட்ட ஒரு வரி விடுபட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது.

"மடை" என்று தேடினால் வேறு வகைக் களை. "காயமடைந்தார்", "கோபமடைந்து" போன்ற சொற்களில் புணர்ச்சியால் "மடை" உருவாகிவிடுகிறது. கிராமத்துப் பெரியவர் பேச்சில் இது குறைவாக இருக்கும். மேடைப் பேச்சிலும் வானொலிச் செய்தியிலும் தேடும்போது வரிசை வரிசையாக வரும்.

"குளம்" இன்னொரு பாடம். குளம் என்பது வேற்றுமை ஏற்றதும் குளத்தில், குளத்துக்கு, குளங்கள் என்று மாறுகிறது. "குளம்" என்று தேடினால் இவற்றில் ஒன்றுகூட வராது. சரி, "குள" என்று சுருக்கித் தேடலாமே என்றால், "குளிர்", "குளியல்" எல்லாம் சேர்ந்து வரும். கணினி "ளி" என்ற எழுத்தை ஒரே எழுத்தாகச் சேமிப்பதில்லை. "ள" என்பதை ஓர் அலகாகவும், இகரக் குறியை அதற்கு அடுத்த அலகாகவும் வைக்கிறது. அதனால் `grep` போன்ற கருவியின் கண்ணுக்குக் "குளிர்" என்பதும் "குள"வில் தொடங்கும் சொல்தான். இங்கே சரியான தேடல் `குள(ம்|த்|ங்)` என்பது. மகர ஈற்றில் முடியும் மரம், நிலம், பஞ்சம், பணம் எல்லாவற்றுக்கும் இதே அச்சு பொருந்தும்.

குற்றியலுகரத்தில் முடியும் சொற்களில் ஈற்று உகரத்தைக் கழித்துவிட்டுத் தேடுங்கள். "மதகு" என்பது "மதகை", "மதகில்" என்று ஆகும்போது உகரம் நிற்காது. "மதக" என்று தேடினால் எல்லாம் அகப்படும். மேலே சொன்ன அதே காரணத்தால் "மதகு" என்ற சொல்லும் அதில் அகப்படும். குளத்துக்குத் தொல்லையாக இருந்த அந்தச் சேமிப்பு முறை இங்கே நமக்கு உதவுகிறது.

கண்மாயின் மிகைநீர் வழிந்தோடும் அமைப்பைக் கலிங்கு என்பார்கள். கலுங்கு என்றும் சொல்வார்கள். வழக்கில் அருகிவிட்ட இதுபோன்ற தொழிற்சொற்களை நிரல் அடையாளம் காணாமல், ஒலியால் நெருங்கிய வேறு எதையாவது எழுதும். கலங்கு, களங்கு, களுங்கு என எதுவும் வரலாம். ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் அது மாற்றி எழுதும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள். தேடலில் அந்த ஐயத்துக்கு இடம் விடலாம்:

```
grep -E -B 1 'க(ல|ள)(ி|ு)?ங்க' nerkanal.srt
```

கேள்விக்குறி, அதற்கு முன்னால் உள்ளது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்கிறது. "களங்கம்" போன்ற ஒன்றிரண்டு சேர்ந்து வரும். வரட்டும்.

எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அந்தச் சொலவடையைப் பதிவில் தேடுகிறவர் "நாற்பத்தெட்டு" என்று தேடி ஏமாறக்கூடும். நிரல் அதை 48 என்று இலக்கத்தில் எழுதியிருக்கலாம். ஆண்டு, தொகை, ஏக்கர்க் கணக்கு எதுவானாலும் எழுத்திலும் இலக்கத்திலும் தேடுங்கள்.

சொல்லே வராத பொருள்

இதுவரை சொன்னது சொல்லைத் தேடுவது. பொருளைத் தேடுவது வேறு வேலை. தண்ணீர்ப் பங்கீட்டில் வந்த பிணக்கைப் பற்றி அவர் பேசிய இடம் வேண்டும் என்றால், "பிணக்கு" என்றோ "தகராறு" என்றோ அவர் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. "அந்த வருசம் ராத்திரியோட ராத்திரியா வெட்டி விட்டுட்டாக" என்று தொடங்கி, ஒரு பெரிய சண்டையின் கதையையே சண்டை என்ற சொல் இல்லாமல் சொல்லி முடித்திருப்பார்.

இதற்கு நான் நம்பும் வழி, அந்தப் பொருளைச் சுற்றி வரக்கூடிய ஐந்தாறு சொற்களை ஒன்றாகத் தேடுவது. மடை, வெட்டி, பங்கு, முறை, பஞ்சாயத்து, ராத்திரி. இவற்றில் ஒவ்வொன்றும் தனியே பதிவு முழுவதும் சிதறிக் கிடக்கும். "தலைமுறை", "நடைமுறை" எல்லாம்கூட வரும். ஆனால் பார்க்க வேண்டியது வரிகளையல்ல, நேரங்களை. 12ஆவது நிமிடத்தில் ஒன்று, 31இல் ஒன்று, பிறகு 47இலிருந்து 53க்குள் பதினான்கு, 118இல் இரண்டு என்று வந்தால், 47க்கும் 53க்கும் இடையில்தான் கதை இருக்கிறது. ஒரே சொல் பல முறை வந்ததைவிட, வெவ்வேறு சொற்கள் நெருங்கி நிற்பதுதான் வலுவான அறிகுறி.

நேர்காணலில் இன்னொரு சலுகை உண்டு. பொருள் மாறும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும். கேள்வி கேட்பவர் மைக்குக்கு அருகில், எழுத்து வழக்கை ஒட்டிய தமிழில் பேசுகிறார் என்பதால் அவர் பேச்சு நன்றாகவே எழுத்தாகியிருக்கும். அடர்த்தியான இடம் தெரிந்ததும் அதிலிருந்து மேலே நகர்ந்து முந்தைய கேள்வியைக் கண்டுபிடியுங்கள். பேச்சு உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

வாய்மொழி வரலாற்றுக் காப்பகங்கள் பொருள் தேடலை எழுத்தாக்கத்திடம் மட்டும் விடுவதில்லை. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் உள்ள வாய்மொழி வரலாற்று மையம் இதற்கென்றே ஒரு மென்பொருளை உருவாக்கியது. அதில் பதிவைக் கேட்கும் ஒருவர், பொருள் மாறும் ஒவ்வோர் இடத்திலும் நேரத்தைக் குறித்து, ஒரு தலைப்பும் சிறு சுருக்கமும் எழுதிவைப்பார். தேடுபவர் அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் ஒலி அங்கிருந்து ஓடும். ஒருமுறைக்கு மேல் பயன்படப்போகும் பதிவு என்றால் இந்த உழைப்பைத் தாராளமாகச் செலவிடலாம்.

கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

தேடிய சொல் ஓரிடத்திலும் வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம், நிரல் தவறவிட்டிருக்கலாம். இவற்றில் எது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பதிவின் நடுவில் ஏதாவது ஐந்து நிமிடத்தை எடுத்துக் காதால் கேளுங்கள். "கம்மாய்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அதே ஐந்து நிமிடத்தில் உங்கள் தேடல் எத்தனையைப் பிடித்தது என்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது என்றால் எழுத்தாக்கத்தை நம்பலாம். பத்துக்கு நான்கு என்றால், "வரவில்லை" என்ற முடிவுக்கு மதிப்பில்லை. மாட்டுக் கொட்டிலருகே எடுத்த பதிவு, இருவர் ஒரே நேரத்தில் பேசிய பகுதி, பல் விழுந்த வாயின் உச்சரிப்பு ஆகியவற்றில் கணக்கு வேகமாகக் கீழே இறங்கும். பதிவின் பல இடங்களில் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது, ஏனென்றால் காற்று வீசத் தொடங்கிய பிறகு நிலைமை வேறாகிவிடும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் இருக்கிறது. யாரும் பேசாத இடத்தில் நிரல் தானாகவே ஏதாவது எழுதிவிடும். விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டுகளாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எழுத்து தர முயல்கிறது. துண்டில் மோட்டார் இரைச்சலோ மௌனமோ மட்டும் இருந்தால், இல்லாத பேச்சைக் கற்பித்துக்கொள்வது அதன் அறியப்பட்ட குறை. கண்டுபிடிப்பது சுலபம். ஒரே வரி அப்படியே அடுத்தடுத்து வரும், நேர இடைவெளிகள் அளந்து வைத்ததுபோல ஒரே சீராக இருக்கும். சில சமயம் ஒரு வரியில் சிக்கிக்கொண்டு, அதற்குப் பின் வந்த உண்மையான பேச்சையும் விழுங்கிவிடும். அப்படியானால் `--condition_on_previous_text False` என்பதைக் கட்டளையோடு சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள். முந்தைய துண்டில் எழுதியதை அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகாமல் அது தடுக்கும்.

கடைசி விநாடியைக் காதுதான் சொல்லும்

எழுத்தாக்கம் தரும் நேரம் ஏறத்தாழச் சரியானது, துல்லியமானதல்ல. பேச்சுக்கு முன் மௌனம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு முன்னதாகத் தொடங்கும். மேலும் அது வரிக்கான நேரமே தவிர, வரியின் நடுவில் உள்ள சொல்லுக்கான நேரமல்ல. `--word_timestamps True` என்பதைச் சேர்த்தால் சொல்வாரியாகவும் நேரத்தைக் கணித்து வரி எல்லைகளைத் திருத்தும். ஆனாலும் அது மதிப்பீடுதான். ஆகவே 00:47:12 என்று காட்டினால் 00:47:00இலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.

கேட்கும்போது நேரம் சொன்னபடி பொருந்தவில்லை, பதிவின் பின்பகுதிக்குப் போகப் போகப் பிசகு கூடுகிறது என்றால், எழுத்தாக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் கோப்பைப் பாருங்கள். எம்பி3 கோப்புகளில் சில, பேச்சின் அடர்த்திக்கேற்ப விநாடிக்கு விநாடி வேறு அளவில் சுருக்கப்பட்டவை. சில ஒலிப்பான்கள் அவற்றில் 47ஆவது நிமிடம் எங்கே என்பதைச் சராசரியை வைத்து ஊகித்துத் தாவும், தவறான இடத்தில் போய் விழும். கோப்பை ஒருமுறை வேவ் வடிவுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்:

```
ffmpeg -i nerkanal.mp3 -ar 16000 -ac 1 nerkanal.wav
```

வெறுமனே கேட்பதற்கு இதுவரை வந்தது போதும். அந்தச் சொல்லிலிருந்து துண்டு வெட்ட வேண்டும் என்றால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். "கம்மாய்" என்ற சொல் வல்லினத்தில் தொடங்குகிறது. ககரத்தை ஒலிக்க அடிநாக்கு அண்ணத்தை ஒட்டிக் காற்றை ஒரு கணம் அடைக்கிறது, பிறகு விடுகிறது. திரையில் அந்த அடைப்பு தட்டையான சிறு கோடாகவும், விடுப்பு அதன் முடிவில் செங்குத்தாக எழும் முள்ளாகவும் தெரியும். வெட்டு அந்த முள்ளுக்கு முன்னால், தட்டையான கோட்டுக்குள் விழ வேண்டும். முள்ளுக்குப் பின்னால் வெட்டினால் கேட்பவருக்கு "அம்மாய்" என்றுதான் கேட்கும். "மடை" போல மெல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கு இவ்வளவு தெளிவான எல்லை கிடைக்காது. முந்தைய சொல்லின் முடிவோடு அது குழைந்திருக்கும். அங்கே சொல்லைத் தனியே பிரிக்க முயலாமல், அதற்கு முன் பேச்சு இயல்பாக நின்ற இடத்திலிருந்து எடுப்பது நல்லது.

கண்டுபிடித்த இடத்தை அப்போதே குறித்துவிடுங்கள். ஆடாசிட்டியில் இடத்தைத் தேர்ந்து `Ctrl+B` அழுத்தினால் குறிப்பெழுத ஒரு பெட்டி வரும். "மேல்மடை முதலில், காரணத்தோடு" என்று எழுதிவைக்கலாம். எல்லாக் குறிப்புகளையும் தனி உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்தால் தொடக்க நேரம், முடிவு நேரம், குறிப்பு என்று வரிசையாக வரும். அதில் நேரம் விநாடியில் இருக்கும். 47 நிமிடம் 12 விநாடி என்பது 2832. யூடியூபில் ஏற்றிய பதிவானால் முகவரியின் இறுதியில் `&t=2832s` என்று சேர்த்து அனுப்புங்கள், பெறுபவருக்கு அங்கிருந்தே ஓடும். பதிவுக் கருவி கோப்பை இரண்டாகப் பிரித்திருந்தால், நேரத்தோடு கோப்பின் பெயரையும் எழுத வேண்டும். இரண்டாம் கோப்பின் கடிகாரம் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. பிற்பாடு யாராவது இரண்டையும் ஒட்டினால் இரண்டாம் கோப்புக்கு எழுதிவைத்த நேரங்களும், ஒரு கோப்பின் தொடக்கத்தில் உள்ள மைக் சோதனையை வெட்டி எறிந்தால் அந்தக் கோப்புக்கு எழுதிவைத்த நேரங்களும் ஒரே அளவில் நகர்ந்துவிடும். அதனால் குறிப்புக் கோப்பின் முதல் வரியில், எந்தக் கோப்பை வைத்து எடுத்தது, அதன் மொத்த நீளம் எவ்வளவு என்பதைப் பதிந்துவையுங்கள். பின்னால் நீளம் மாறியிருந்தால், எத்தனை விநாடி கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்பதை அந்த வரியை வைத்தே கணக்கிடலாம்.